கடன் குறைந்த கம்பெனிக்குப் பழைய பீட்டா பொருந்தாது: அன்லீவர், ரீலீவர் செய்யும் முறை

பங்கு மதிப்பீட்டு வேலையில் சேர்ந்த நான்காவது மாதம் ஒரு நூற்பாலையின் கோப்பு என்னிடம் வந்தது. பட்டியலிடப்பட்ட, நடுத்தர அளவுள்ள ஆலை. பல வருடங்களாகக் கழுத்துவரை கடனில் இருந்துவிட்டு, உரிமைப் பங்கு வெளியிட்டும் சும்மா கிடந்த நிலத்தை விற்றும் ஒரே காலாண்டில் 340 கோடி ரூபாய் கடனை அடைத்திருந்தது. சந்தை அசையும்போது ஒரு பங்கு எவ்வளவு அசைகிறது என்று காட்டும் எண்தான் பீட்டா, கடன் விகிதம் மாறினால் அதுவும் மாறும் என்று பாடத்தில் படித்திருந்தேன். அதனால் ஐந்து வருட விலைகளிலிருந்து பீட்டா எடுத்து, இன்றைய கடன் விகிதத்தை வைத்து அன்லீவர் செய்து, அதே விகிதத்தை வைத்து ரீலீவர் செய்து, பெருமையோடு அனுப்பினேன்.

சீனியர் ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிட்டார். "தம்பி, உள்ளே போனதும் 1.45, வெளியே வந்ததும் 1.45. நடுவில என்ன வேலை நடந்துச்சு?"

எந்த வேலையும் நடக்கவில்லை. ஏறிய படியிலேயே இறங்கியிருக்கிறேன். எது எங்கே தவறியது என்று புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வாரம் ஆனது. உங்களுக்கு இரண்டு நாளில் முடியட்டும் என்று அந்த ஆலையின் கணக்கையே வரிசையாக எழுதுகிறேன். பெயரை விட்டுவிட்டேன், எண்களைக் கொஞ்சம் மாற்றி முழுதாக்கியிருக்கிறேன்.

ஒரு சொல்லை மட்டும் முதலில் பேசிக்கொள்வோம். சந்தையில் நாம் பார்க்கும் பங்கு பீட்டாவில் இரண்டு விதமான ஆட்டம் கலந்திருக்கிறது. நூல் விலை, பஞ்சு விலை, தேவை என்று தொழிலிலிருந்து வருவது ஒன்று. வட்டியைக் கொடுத்த பிறகு மிஞ்சுவதுதான் பங்குதாரருக்கு என்பதால் கூடுகிற ஆட்டம் இன்னொன்று. இரண்டாவதைக் கழற்றினால் மிஞ்சுவதை அலுவலகத்தில் அசெட் பீட்டா, அன்லீவர்டு பீட்டா என்றெல்லாம் சொல்வார்கள். நான் இங்கே தொழில் பீட்டா என்று சொல்கிறேன். பழைய கடனைக் கழற்றித் தொழில் பீட்டாவை எடுப்பது அன்லீவர். அதன் மேல் புதிய கடனை ஏற்றுவது ரீலீவர்.

1. முதலில் தாள்களைச் சேருங்கள்

கம்பெனியின் கடைசி ஐந்து ஆண்டறிக்கைகளும், ஒவ்வொரு செப்டம்பருக்குமான அரையாண்டு முடிவுகளும் வேண்டும். இரண்டும் பிஎஸ்இ, என்எஸ்இ தளங்களில் இலவசமாகக் கிடைக்கும். சொத்து, பொறுப்புப் பட்டியலை வருடத்துக்கு இரண்டு முறைதான் வெளியிடுவார்கள் என்பதை நினைவில் வையுங்கள். ஜூன், டிசம்பர் காலாண்டு முடிவுகளில் லாப நட்டம் இருக்கும், கடன் நிலுவை இருக்காது. அதைத் தேடி நான் ஒரு மாலையை வீணாக்கினேன்.

அடுத்து, மாதக் கடைசி நாள் விலைகள். அறுபது மாத வருமானம் கணக்கிட 61 விலைகள் தேவை. கூடவே அதே தேதிகளுக்கு நிஃப்டி 500 குறியீடு. கடன் குறைப்பு நடந்ததற்கான அறிவிப்பையும், உரிமைப் பங்கு வெளியீட்டின் ஆவணத்தையும் தனியாக எடுத்து வையுங்கள். பணம் எந்தத் தேதியில் வந்தது, எந்தக் கடனுக்குப் போனது என்பது அதில்தான் இருக்கும். கடைசியாக, கம்பெனியின் கடன் தரமதிப்பீட்டுக் குறிப்பு. இதையும் தரமதிப்பீட்டு நிறுவனங்களின் தளங்களில் காசு கொடுக்காமல் படிக்கலாம். ஒவ்வொரு வங்கிக் கடனின் வரம்பும் அதில் பிரித்துப் போட்டிருக்கும்.

கட்டணத் தரவுத்தளம் இருந்தால் நேரம் மிச்சம், இல்லாவிட்டாலும் வேலை நிற்காது. முதல் முறை செய்பவருக்கு ஒரு கம்பெனிக்கு ஒரு முழு நாள் ஆகும். அதில் முக்கால்வாசி கடன் எண்களைச் சேர்ப்பதில் போகும். சூத்திரம் போடுவது ஐந்து நிமிட வேலை.

2. பீட்டாவை எடுங்கள், அதன் பிழை அளவையும் கூடவே எடுங்கள்

விலையை அல்ல, மாத வருமானத்தை வைத்துத்தான் கணக்கு. எக்செலில் C பத்தியில் பங்கின் மாத வருமானமும் D பத்தியில் குறியீட்டின் மாத வருமானமும் இருந்தால் இரண்டு வரி போதும்:

```
=SLOPE(C3:C62,D3:D62)
=INDEX(LINEST(C3:C62,D3:D62,TRUE,TRUE),2,1)
```

முதல் வரி பீட்டா. இரண்டாவது வரி அந்தப் பீட்டாவின் திட்டப் பிழை. எங்கள் ஆலைக்கு 1.45 வந்தது, பிழை 0.24. அதாவது உண்மையான எண் 1 ஐ ஒட்டியும் இருக்கலாம், 1.9 பக்கமும் இருக்கலாம். இதைப் பார்த்த பிறகு நான்காவது தசம இலக்கத்துக்காகச் சண்டை போடத் தோன்றாது.

கால அளவை எங்கே முடிப்பது என்பது இங்கே முக்கியம். ஆலை கடனை அடைத்தது 2025 ஏப்ரல், மே மாதங்களில். அதனால் 2020 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான 60 மாதங்களை எடுத்தேன். முழுக்கக் கடன் இருந்த காலம், கலப்படம் இல்லை. கடன் குறைப்பு இரண்டு வருடத்துக்கு முன்பே நடந்திருந்தால், அதன் பிறகான சுமார் 104 வார வருமானங்களை வைத்துத் தனியாக ஒரு பீட்டா எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் சிறிய ஆலைப் பங்குகளில் சில நாள் வியாபாரமே மந்தமாக இருக்கும். விலை நகராத நாட்கள் கூடினால் பீட்டா பொய்யாகக் குறைந்து தெரியும். நாள் கணக்கில் எடுக்கவே வேண்டாம்.

இங்கே இரண்டு குழிகள். பங்குச் சந்தைத் தளத்திலிருந்து நேரடியாக இறக்கும் தினசரி விலையில் போனஸ், முகமதிப்புப் பிரிப்பு எதுவும் சரிசெய்யப்பட்டிருக்காது. ஒரு மாதத்தில் மட்டும் பங்கு பாதியாகச் சரிந்ததுபோல் தெரிந்தால் முதலில் போனஸ் தேதியைப் பாருங்கள். இரண்டாவது, 2020 ஏப்ரல். மார்ச் மாதச் சரிவுக்குப் பிறகு அந்த ஒரு மாதத்தில் நிஃப்டி 14 சதவீதத்துக்கு மேல் ஏறியது. அப்படி ஒரு புள்ளி கோட்டையே தன் பக்கம் இழுக்கும். அதை எடுத்துவிட்டு ஒரு முறை போட்டுப் பார்த்தேன், 1.37 வந்தது. பிழை அளவுக்குள்தான் இருக்கிறது என்பதால் 1.45 ஐயே வைத்துக்கொண்டு, இதைக் குறிப்பில் எழுதினேன்.

சில தளங்கள் பீட்டாவை 1 நோக்கி இழுத்துச் சரிசெய்து தருகின்றன. மூன்றில் இரண்டு பங்கு பழைய எண், மூன்றில் ஒரு பங்கு 1 என்று. எங்கள் 1.45 அங்கே 1.30 ஆகத் தெரியும். அதை எடுத்து அன்லீவர் செய்யாதீர்கள். கடனால் வந்த ஆட்டத்தில் ஒரு பகுதியை ஏற்கெனவே மழுங்கடித்த எண் அது. சரிசெய்யாத பீட்டாவைக் கேட்டு வாங்குங்கள், அல்லது நீங்களே போடுங்கள்.

3. அந்தப் பீட்டா பிறந்த காலத்தின் கடன் விகிதத்தைத் தேடுங்கள்

நான் விழுந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1.45 என்பது இன்றைய ஆலையின் எண் அல்ல. ஐந்து வருடம் கடனோடு ஓடிய ஆலையின் சராசரி ஆட்டம் அது. அதைக் கழற்ற வேண்டுமென்றால் அந்த ஐந்து வருடத்தின் சராசரி விகிதத்தால்தான் கழற்ற வேண்டும். இன்றைய விகிதம் ரீலீவர் செய்யும்போது மட்டும் வரும்.

விகிதத்தின் கீழே இருப்பது பங்குகளின் சந்தை மதிப்பு. ஆண்டறிக்கையின் குறிப்புகளில் கடன்-பங்கு விகிதம் என்று ஒரு எண் அச்சிட்டிருப்பார்கள். அது நிகர மதிப்பை வைத்துப் போட்டது, இந்த வேலைக்கு உதவாது. அந்தந்தத் தேதியின் பங்கு எண்ணிக்கையை அந்தந்த நாள் விலையால் பெருக்குங்கள்.

மேலே இருப்பது கடன். வட்டி சுமக்கும் எல்லாம் இதில் வரும்: நீண்டகாலக் கடன், குறுகியகாலக் கடன், மீட்கத்தக்க முன்னுரிமைப் பங்குகள். ஒரு வருடத்துக்குள் கட்ட வேண்டிய தவணை, 2021 ஏப்ரலுக்குப் பிந்தைய அறிக்கைகளில் குறுகியகாலக் கடனுக்குள்ளேயே இருக்கும். அதற்கு முந்தைய அறிக்கைகளில் 'இதர நிதிப் பொறுப்புகள்' என்ற தலைப்பில் ஒளிந்திருக்கும். முதல் வருடத்துக்கு நான் இதை விட்டுவிட்டேன், 40 கோடி காணாமல் போனது.

நம் ஊர் ஆலைகளில் இன்னும் இரண்டு உருப்படிகள் அடிக்கடி வரும். ஒன்று, குடும்பத்தார் பிணையில்லாமல் கொடுத்த கடன். வட்டி கொடுக்கிறார்கள் என்றால் கடனில் சேருங்கள். வட்டியே இல்லாமல், வங்கிக் கடன் தீரும்வரை எடுக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்திருந்தால் அது பெயரளவில் கடன், நடப்பில் முதலீடு. நான் அதைச் சேர்ப்பதில்லை. இரண்டாவது, வங்கி உத்தரவாதத்தின் பேரில் பஞ்சு வாங்கியதற்கான எல்சி பில்கள். வியாபாரக் கடன் என்ற தலைப்பில் இருக்கும், ஆனால் அதற்கும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். தொகை பெரிதென்றால் சேர்க்க வேண்டும். எந்த முடிவு எடுத்தாலும் ஐந்து வருடத்துக்கும் ஒப்பிடும் கம்பெனிகளுக்கும் அதே விதியை வையுங்கள். கையிருப்புப் பணத்தைக் கழிப்பதா என்ற கேள்விக்கும் இதே பதில்தான். எங்கள் ஆலையிடம் 12 கோடிதான் இருந்தது, கழிக்கவில்லை.

நூற்பாலைக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பஞ்சு வரத்து அக்டோபரில் தொடங்கும். பணம் கிடைக்கும் ஆலைகள் மார்ச்சுக்குள் பல மாதத்துக்கான பஞ்சை வாங்கிக் குடோனில் அடுக்கிவிடும். அதனால் மார்ச் 31 அன்று நடைமுறை மூலதனக் கடன் உச்சத்தில் இருக்கும், செப்டம்பரில் இறங்கியிருக்கும். ஆண்டறிக்கையை மட்டும் வைத்து ஐந்து புள்ளிகளின் சராசரி போட்டால் கடனைக் கூடுதலாகக் காட்டும். இரண்டு மாதங்களையும் சேர்த்துப் பத்துப் புள்ளிகள் எடுங்கள்.

எங்கள் ஆலையின் விகிதம் 2020 செப்டம்பரில் 1.35. நூல் வியாபாரம் களைகட்டிப் பங்கு விலை ஏறிய 2022 மார்ச்சில் 0.55. அந்த வருடக் கோடையில் பஞ்சு கண்டி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. கடன் வீங்கியது, பங்கு விலை இறங்கியது, 2023 மார்ச்சில் விகிதம் மறுபடி 1.05. பத்துப் புள்ளிகளின் சராசரி 0.90. கடனை அடைத்த பிறகு நிலுவை 200 கோடி, சந்தை மதிப்பு 800 கோடி. ஆக இன்றைய விகிதம் 0.25.

இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்து என் நண்பர் ஒருவர், ஒவ்வொரு அரையாண்டுக்கும் தனித்தனியாக அன்லீவர் செய்யலாமே என்றார். ஆறு மாதப் புள்ளிகளை வைத்துப் போடும் பீட்டா வெறும் இரைச்சல். சராசரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

4. வரி விகிதம்

லாப நட்டக் கணக்கில் தெரியும் வரிச் சதவீதத்தை எடுக்காதீர்கள். ஒத்திவைத்த வரி, பழைய வருடச் சரிக்கட்டல் எல்லாம் அதில் கலந்திருக்கும். அடுத்த ஒரு ரூபாய் வட்டி எவ்வளவு வரியைக் குறைக்கும் என்பதே கேள்வி. 22 சதவீதத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்த இந்தியக் கம்பெனிக்கு, 10 சதவீதக் கூடுதல் வரியும் 4 சதவீதத் தீர்வையும் சேர்த்து 25.168 சதவீதம். பழைய 30 சதவீதத் திட்டத்திலேயே இருக்கும் பெரிய கம்பெனிக்கு 34.944 சதவீதம். எந்தத் திட்டம் என்று ஆண்டறிக்கையின் வரிக் குறிப்பில் எழுதியிருக்கும். சேர்ந்த நட்டத்தைச் சுமந்துகொண்டு பல வருடம் வரியே கட்டாத கம்பெனி என்றால் வட்டியால் வரும் வரிச் சலுகை கைக்கு வராது. அங்கே பூஜ்யத்தை வைப்பதுதான் நேர்மை.

5. பழைய கடனைக் கழற்றுங்கள்

அதிகம் புழங்கும் ஹமாடா சூத்திரம் இது. Be பங்கு பீட்டா, Bu தொழில் பீட்டா, T வரி விகிதம், D/E சந்தை மதிப்பில் கடன்-பங்கு விகிதம்:

```
Bu = Be / (1 + (1 - T) * D/E)
Be = Bu * (1 + (1 - T) * D/E)
```

எங்கள் ஆலை 22 சதவீதத் திட்டத்தில் இருப்பதால் 1 - T என்பது 0.7483. அதை 0.90 ஆல் பெருக்கினால் 0.673. அதோடு 1 ஐக் கூட்டி 1.45 ஐ வகுத்தால் தொழில் பீட்டா 0.87. இன்றைய 0.25 ஐப் போட்டு நான் முதலில் எடுத்தது 1.22. ஒரு நூற்பாலையின் தொழில் ஆட்டத்தைச் சந்தையைவிட 22 சதவீதம் கூடுதலாகக் காட்டிவிட்டேன்.

6. பக்கத்து ஆலைகளோடு வைத்துப் பாருங்கள்

பிழை 0.24 இருக்கும் ஒற்றைப் பீட்டாவை நம்பி மதிப்பீடு போடக் கூடாது. அதே தொழிலில் இருக்கும் நான்கைந்து கம்பெனிகளுக்கும் 2 முதல் 5 வரையான படிகளைச் செய்யுங்கள். ஆளுக்கு அரை நாள் ஆகும், வேறு வழியில்லை. நான் எடுத்த நான்கு ஆலைகள்:

| ஆலை | பங்கு பீட்டா | சராசரி D/E | தொழில் பீட்டா |
|---|---|---|---|
| அ | 1.10 | 0.30 | 0.90 |
| ஆ | 1.38 | 0.75 | 0.88 |
| இ | 1.02 | 0.10 | 0.95 |
| ஈ | 1.62 | 1.30 | 0.82 |

இடைநிலை மதிப்பு 0.89. பங்கு பீட்டாக்கள் 1.02 முதல் 1.62 வரை சிதறிக் கிடந்தவை, கடனைக் கழற்றியதும் 0.82 க்கும் 0.95 க்கும் நடுவில் வந்து சேர்ந்துவிட்டன. எல்லாமே பஞ்சை நூலாக்கும் தொழில் என்பதால் அப்படித்தான் வர வேண்டும். கழற்றிய பிறகும் சிதறியே இருந்தால் யாரோ ஒருவர் ஆலையோடு காற்றாலையையோ ஆடைத் தொழிற்சாலையையோ நடத்துகிறார் என்று பொருள். வணிகப் பிரிவுவாரியான கணக்கைத் திறந்து பாருங்கள்.

இந்த அட்டவணையில் இன்னொன்றையும் கவனியுங்கள். கடன் மிகக் குறைவாக உள்ள 'இ' தான் உயரம், கடன் அதிகமுள்ள 'ஈ' தான் தாழ்வு. இது தற்செயலாக இல்லாமல் இருக்கலாம். எட்டாவது படியில் வருகிறேன்.

சொந்தமாக ஒப்பீடு செய்ய நேரமே இல்லையென்றால், நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் அஸ்வத் தாமோதரன் வருடந்தோறும் ஜனவரியில் தொழில்வாரியாகக் கடன் கழற்றிய பீட்டாக்களைத் தன் தளத்தில் இலவசமாகப் போடுகிறார். சென்னை லயோலா கல்லூரியில் படித்தவர். இந்தியக் கம்பெனிகளுக்குத் தனிக் கோப்பு உண்டு. ஆனால் ஒரே பெட்டிக்குள் நூற்பாலையும் பிராண்ட் ஆடையும் கலந்திருக்கும். சரிபார்க்கப் பயன்படுத்துங்கள், அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள்.

7. புதிய கடனை ஏற்றுங்கள்

எங்கள் ஆலையின் 0.87 க்கும் மற்றவர்களின் 0.89 க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதால் 0.87 ஐயே வைத்துக்கொண்டேன். புதிய விகிதம் 0.25. 0.7483 ஐ அதனால் பெருக்கினால் 0.187. தசமங்களை நடுவில் வெட்டாமல் போட்டால் புதிய பங்கு பீட்டா 1.03.

இது பணமாக என்ன ஆகிறது என்று பாருங்கள். அரசுப் பத்திர வட்டி 6.5 சதவீதம், சந்தையின் கூடுதல் எதிர்பார்ப்பு 7 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பீட்டாவை 7 ஆல் பெருக்கி 6.5 ஐக் கூட்டினால் பங்குதாரர் எதிர்பார்க்கும் வருமானம், அதாவது பங்கு மூலதனச் செலவு வரும். பழைய 1.45 ஐப் போட்டால் அது 16.65 சதவீதம். 1.03 க்கு 13.7 சதவீதம். பங்குதாரருக்கு அடுத்த வருடம் 60 கோடி மிஞ்சி, அது வருடம் 5 சதவீதம் வளர்கிறது என்றால், முதல் கணக்கில் பங்கின் மதிப்பு 515 கோடி, இரண்டாவதில் 690 கோடி. ஒரு பீட்டாவால் 175 கோடி.

அந்த 0.25 இனி நிலைக்குமா என்பதை நிர்வாகத்தின் பேச்சிலிருந்தும் தரமதிப்பீட்டுக் குறிப்பிலிருந்தும் தீர்மானிக்க வேண்டும். அடுத்த வருடமே புது ஸ்பிண்டில் போடக் கடன் வாங்கப்போகிறார்கள் என்றால் 0.25 ஒரு இடைவேளை மட்டுமே. நிலையான இலக்காக, உதாரணமாக 0.50 ஐ எடுப்பதோ வருடத்துக்கு ஒரு பீட்டா போடுவதோ சரி. வருடத்துக்கு ஒன்று போட்டால் மூலதனச் செலவும் வருடத்துக்கு ஒன்று மாறும். கோப்பு கனமாகும், ஆனால் கடன் வேகமாக மாறும் கம்பெனிக்கு அதுதான் ஒழுங்கு.

பட்டியலிடாத கம்பெனி என்றால் ஒரு வட்டச் சிக்கல் வரும். விகிதம் போடப் பங்கின் மதிப்பு வேண்டும், மதிப்பு போடப் பீட்டா வேண்டும். ஒரு விகிதத்தை ஊகித்து மதிப்பு எடுங்கள். அந்த மதிப்பால் விகிதத்தைத் திருத்தி மறுபடி போடுங்கள். நான்கைந்து சுற்றில் எண் நின்றுவிடும். எக்செலின் தானியங்கிச் சுழற்சியை இயக்குவதைவிடக் கையால் செய்வது எனக்குப் பிடிக்கும். ஒரு கட்டத்தில் பிழை வந்தால் தானியங்கியில் மொத்தத் தாளும் பிழையால் நிரம்பிவிடும்.

8. எந்தச் சூத்திரம் என்று முடிவு செய்யுங்கள்

மேலே போட்ட சூத்திரத்துக்குள் இரண்டு அனுமானங்கள் அமைதியாக உட்கார்ந்திருக்கின்றன. கடன் தொகை ரூபாயில் மாறாமல் நிற்கும் என்பது ஒன்று. கடனுக்குச் சந்தை ஆபத்தே கிடையாது, அதாவது கடனின் பீட்டா பூஜ்யம் என்பது இன்னொன்று.

இரண்டாவதை முதலில் பார்ப்போம். விகிதம் 0.25 இருக்கும்போது பூஜ்யம் என்பது பெரிய பொய் இல்லை. 1.35 இருக்கும்போது? தொழில் படுத்தால் வங்கியும் சேர்ந்து அடி வாங்கும். தொழிலின் ஆட்டத்தில் ஒரு பகுதியை வங்கி சுமந்திருக்கிறது. அதைக் கணக்கில் எடுக்காமல் எல்லாவற்றையும் பங்குதாரரே சுமந்தார் என்று கழற்றினால் தொழில் பீட்டா குறைவாகத் தெரியும். 'ஈ' ஆலையின் 0.82 க்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

கடனின் பீட்டாவைச் சேர்த்தால் சூத்திரம் இப்படி ஆகும், Bd கடனின் பீட்டா:

```
Bu = (Be + Bd * (1 - T) * D/E) / (1 + (1 - T) * D/E)
Be = Bu + (Bu - Bd) * (1 - T) * D/E
```

Bd ஐ எங்கே பிடிப்பது? ஆலை 9.5 சதவீதத்துக்குக் கடன் வாங்கியது, அரசுப் பத்திரத்தைவிட 3 சதவீதம் கூடுதல். அந்த மூன்றையும் ஏழால் வகுத்து 0.43 என்று போட்டுவிடாதீர்கள். வராக்கடனுக்கான எதிர்பார்த்த இழப்பும் வங்கியின் நிர்வாகச் செலவும் அந்த மூன்றில் பாதிக்கு மேல் தின்றுவிடும். நான் 1.4 சதவீதத்தை மட்டும் சந்தை ஆபத்துக்கான கூலி என்று எடுத்து, பழைய காலத்துக்கு 0.20 வைத்தேன். இது கணித உண்மை அல்ல, என் தீர்ப்பு. கடன் குறைந்த பிறகு 0.05. இப்படிப் போட்டால் தொழில் பீட்டா 0.95, புதிய பங்கு பீட்டா 1.11. மூலதனச் செலவு 13.7 க்குப் பதில் 14.3 சதவீதம்.

இனி முதல் அனுமானம். நிர்வாகம் கடனைத் தொகையாக அல்லாமல் விகிதமாகப் பராமரித்தால், கம்பெனி வளர வளரக் கடனும் வளரும், சுருங்கினால் சுருங்கும். அப்போது வரிச் சலுகையும் தொழிலோடு சேர்ந்தே ஆடும். அந்த நிலைக்குச் சூத்திரத்திலிருந்து (1 - T) ஐ எடுத்துவிட வேண்டும். அதே கடன் பீட்டாக்களை வைத்துப் போட்டால் தொழில் பீட்டா 0.86, புதிய பங்கு பீட்டா 1.06. எங்கள் ஆலை தவணை அட்டவணைப்படி ரூபாயில் கடனைக் கட்டுகிற வகை. அதனால் (1 - T) உள்ள சூத்திரத்தையே கடன் பீட்டாவோடு வைத்து, 1.11 ஐ இறுதியாக எடுத்தேன். அப்படி எடுக்கும்போது ஒப்பீட்டு ஆலைகளையும் அதே சூத்திரத்தில் மறுபடி போட வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் கழற்றவும் ஏற்றவும் ஒரே குடும்பச் சூத்திரம் வேண்டும். தரவுத்தளத்திலிருந்து எடுக்கும் தொழில் பீட்டாவில் இந்தக் கோளாறு நுழையும். அவர்கள் வரியோடு கழற்றியிருப்பார்கள், நாம் வரியில்லாமல் ஏற்றுவோம். எங்கள் எண்களில் 1.03 க்குப் பதில் 1.08 வரும். பார்ப்பதற்கு நியாயமான எண் என்பதால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ரீலீவர் செய்யும் இடத்தில் பழைய விகிதத்தையும் பழைய கடன் பீட்டாவையும் போடுங்கள். 1.45 அப்படியே திரும்பி வர வேண்டும். வராவிட்டால் சூத்திரம் கலந்திருக்கிறது. என் சீனியரின் கேலியே எனக்கு இப்போது சோதனைக் கருவி.

இந்த முறை எதையும் காப்பாற்றாத இடங்களும் உண்டு. கடனைக் குறைக்க விற்றது சும்மா கிடந்த நிலமாக இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு பிரிவாக இருந்தால் தொழிலே மாறிவிட்டது. பழைய தொழில் பீட்டா செல்லாது, மீதியுள்ள தொழிலுக்கு ஒப்பான கம்பெனிகளை மட்டும் வைத்துப் புதிதாக எடுங்கள். கடன் மறுசீரமைப்பில் இருக்கும் கம்பெனியிலும் இந்தச் சூத்திரங்கள் வேலை செய்யாது. அங்கே பங்கு ஒரு லாட்டரிச் சீட்டு போல நகரும், விகிதம் 5, 6 என்று போகும், வரும் தொழில் பீட்டா அர்த்தமற்ற சிறிய எண்ணாக இருக்கும். அந்தக் கம்பெனியின் சொந்தப் பீட்டாவைத் தொடாமல் ஒப்பீட்டு இடைநிலையிலிருந்து தொடங்குங்கள்.

வங்கி, வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்கு இதைச் செய்யவே வேண்டாம். அவர்களுக்குக் கடன்தான் மூலப்பொருள்.

9. கோப்பில் எழுதி வையுங்கள்

ஆறு மாதம் கழித்துத் தணிக்கையாளர் கேட்பார், அப்போது எதுவும் ஞாபகம் இருக்காது. பீட்டாவின் கால அளவு, குறியீட்டின் பெயர், விலை எடுத்த தேதி, பத்துப் புள்ளிகளிலும் கடன், பங்கு எண்ணிக்கை, விலை, எந்த உருப்படியைச் சேர்த்தோம் எதை விட்டோம், ஏன் என்று ஒரே தாளில் எழுதுங்கள். கடன் பீட்டாவுக்கு வைத்த எண்ணை "தீர்ப்பு" என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டு, அதைப் பூஜ்யமாக்கினால் இறுதி மதிப்பு எவ்வளவு நகரும் என்பதையும் பக்கத்தில் போட்டுவிடுங்கள். பெரும்பாலும் அவர்கள் கேட்கும் இரண்டாவது கேள்வி அதுதான்.

மறுபடி எப்போது செய்வது? செப்டம்பர் அரையாண்டுப் பட்டியல் வந்ததும் கடன் பத்தியில் ஒரு புள்ளியைச் சேர்த்துப் பாருங்கள். காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் வெளியிட வேண்டும் என்பதால் நவம்பர் நடுவில் கையில் இருக்கும். எங்கள் ஆலைக்கு அந்தப் புள்ளி வந்தபோது நிலுவை 200 இலிருந்து 235 கோடி ஆகியிருந்தது. பஞ்சு அல்ல, புது இயந்திரம். தரமதிப்பீட்டுக் குறிப்பைத் திரும்ப எடுத்துப் பார்த்தால், இன்னும் 90 கோடி எடுக்க அனுமதி வாங்கி வைத்திருந்தது தெரிந்தது.

இலக்கு விகிதத்தை 0.25 இலிருந்து 0.40 க்கு மாற்றினோம். பங்கு பீட்டா சுமார் 1.2 ஆனது.